மொட்டை ஷீட் கூரையில் குட்டை: கோத்தகிரியில் நான் பட்ட பாடு

ஹால் கட்டும்போது ஷெட் போட்டவர் சொன்னது இதுதான்: "சார், கூரையைத் தட்டையா வச்சு சுத்தி ஒரு அடி கைப்பிடிச் சுவர் எழுப்பிட்டா கீழே இருந்து பார்த்தா தகரம்னே தெரியாது." நானும் தலையாட்டினேன். பேருக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தார். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

போன ஐப்பசி மழையில் சில்வர் ஓக் சருகு குழாயை அடைத்தது. ஏணி போட்டுப் பார்த்தால் நடுவில் குட்டை. சருகை அள்ளினேன், பாதிதான் வடிந்தது. குழாய் எல்லாம் தூணை ஒட்டி இருக்கிறது, இறக்கிக் கட்ட வசதி என்று அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் தூண் பக்கம் கூரை தொய்யாது, நடுவில்தான் தொய்யும். அதாவது தண்ணீர் போகும் வழி மேட்டில், தண்ணீர் பள்ளத்தில்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. கொத்தனாரை வரவழைத்து, பள்ளத்தைக் கலவை போட்டு நிரப்பி மட்டம் பண்ணச் சொன்னேன். அவர் நூல் கட்டி ஆரம்பித்தார். சட்டி சட்டியாகக் கொட்டியும் கலவை நூலைத் தொடவே இல்லை! "என்னண்ணே, பள்ளம் கூடிக்கிட்டே போகுது" என்று அவர் சொல்லும்போதே கீழே ஃபால்ஸ் சீலிங் பலகை விரிசல் விட்டது. அன்றைக்கே அவ்வளவையும் சுரண்டி அள்ளினோம். கூலி, சிமெண்ட் எல்லாம் தண்டம்.

குன்னூரில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் போனேன். அவர் வரைபடம் கேட்டார். அதற்காக மேட்டுப்பாளையம் இறங்கி ஷெட்காரரைப் பார்த்தால், "வரைபடமா? பில்லு தர்றேன்" என்கிறார். பில்லில் "ஷெட் வேலை, மொத்தம்" என்று ஒரே வரி. ஒரு நாள் வீண். கடைசியில் லேத் பட்டறையில் வெர்னியர் இரவல் வாங்கி நானே அளந்தேன்: தகரத்தைக் கீழே தாங்கும் இரும்புச் சட்டம் 4 அங்குல சி பர்லின், 2 மி.மீ. தகடு, 18 அடி நீளம், 4 அடிக்கு ஒன்று. பர்லின் இரண்டு முனைக்கும் நூல் இழுத்துப் பார்த்ததில் காய்ந்த நாளில் நடுவில் 1.8 செ.மீ. தொய்வு. மழை விட்ட காலையில் 7 செ.மீ.

அந்தப் பொறியாளர் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இன்னும் மனசில் நிற்கிறது. ஒரு செ.மீ. ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 10 கிலோ. என் பர்லினில் ஒரு செ.மீ. பள்ளம் இருந்து அதில் தண்ணீர் நிறைந்தால், அந்த எடைக்கே இன்னொரு 0.8 செ.மீ. இறங்கும். அந்த 0.8-இலும் தண்ணீர் நிறையும், 0.64 இறங்கும், அப்புறம் 0.51. கூட்டிக்கொண்டே போனால் ஒன்று ஐந்தாகிறது. 1.8-ஐ ஐந்தால் பெருக்கினால் 9. வாட்டத்தில் கொஞ்சம் வழிந்ததால் 7-இல் நின்றிருக்கிறது. அந்த 0.8 ஒன்றைத் தொட்டுவிட்டால் கூட்டலுக்கு முடிவே கிடையாது, தண்ணீர் வரவர கூரை இறங்கிக்கொண்டே இருக்கும், கைப்பிடிச் சுவர் வழிந்தாலும் சரி. தொய்வு நீளத்தின் நாலாம் மடங்கில் ஏறுவதால் 18 அடிக்குப் பதில் 19 அடி இருந்திருந்தாலே ஏறக்குறைய ஒன்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கலவை தண்ணீரைப் போல இரண்டு மடங்கு எடை, அதனால் 0.8 அங்கே 1.6 ஆகிவிட்டது. கொத்தனார் நூலை எப்படித் தொடுவார்?

"பர்லின் உடையுமான்னு மட்டும் பார்க்காதீங்க, எவ்வளவு வளையுதுன்னு பாருங்க" என்றார். கனமான கான்கிரீட் தளத்தில் இந்த வம்பு பெரிதாக வராது, அது அவ்வளவு வளையாது. லேசான தகரக் கூரைக்குத்தான் இந்த வியாதி.

வைத்தியம் சுலபம். பர்லின்களின் நடுவில் குறுக்கே ஒரு பீம், கீழே இரண்டு தூண். நீளம் பாதியானதும் 0.8 பதினாறில் ஒரு பங்காகி 0.05-க்கு வந்துவிட்டது. வெல்டிங் இரண்டு நாளில் முடிந்தது. பீமைத் தூக்கிக் கொடுக்கும்போது கூரை காய்ந்திருக்க வேண்டும், ஜாக்கி வைத்துத் தொய்வை எடுத்த பிறகே வெல்டு. இதை நான் பக்கத்தில் நின்று பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது, அவர்கள் அப்படியே முட்டுக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள்.

கைப்பிடிச் சுவரில் தகரத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நாலு ஓட்டையும் போட்டாயிற்று, குழாய் அடைத்தால் அது வழியாக வெளியே கொட்டும். அது கொட்டுவது வாசலில் தெரியும்படி வைக்கச் சொன்னார், அப்போதுதான் குழாய் அடைத்தது நமக்குத் தெரியுமாம்.

கார்த்திகை மழையில் நூல் பிடித்தேன். ஒரு நூல் கனம்கூட இடைவெளி இல்லை. ஹாலின் நடுவில் நிற்கும் இரண்டு தூணைப் பார்த்து வீட்டுக்காரிதான் இன்னும் முகம் சுளிக்கிறாள்.