ஜெபக்கூடத்துக்காக நாங்கள் எழுதிய நன்கொடைக் கடிதம்

ராமநாதபுரத்தில் எங்கள் பங்கின் இளைஞர் மன்றத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிறவர்கள். போன மே மாதம் மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போய், அங்குள்ள ஜெபக்கூடத்தைச் செப்பனிடும் வேலையில் ஒரு வாரம் கூட நின்றோம். அங்கே செய்த வேலையைவிட, அதற்குப் பணம் கேட்டு எழுதிய கடிதம்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கூடம் சின்னதுதான். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் சாயங்காலம் பெண்கள் கூடி ஜெபமாலை சொல்வார்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைப் பிடித்திருந்த இரும்பு போல்ட்டுகளை உப்புக் காற்று அரித்துவிட்டதால், பலமாகக் காற்று அடித்தால் ஷீட் தூக்கித் தூக்கிப் போட்டது. ஜன்னலுக்கு மேல் இருந்த கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது. கட்டும்போது உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருக்க வேண்டும் என்றார் பார்க்க வந்த கொத்தனார். கரையோரத்தில் பழைய கட்டடங்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

கடிதத்தின் முதல் வடிவத்தை எங்களில் நல்ல தமிழ் எழுதும் அக்கா ஒருவர் எழுதினார். படித்தால் கண்ணீர் வரும். ஏழை மீனவர்கள், ஒழுகும் கூரை, எங்கள் எளிய கைகள் என்று போகும். அனுப்புவதற்கு முன் ஊர்த்தலைவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார் பங்குத்தந்தை. தலைவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கப்பா. ஆனா நாங்க கையேந்தி நிக்கலையே. வீட்டுக்கு இவ்வளவுன்னு ஊர் வரி போட்டு அறுபதாயிரம் சேத்து வச்சிருக்கோம். அதை ஏன் எழுதலை?" என்றார்.

அந்தத் தொகை எங்களுக்கு அன்றுதான் தெரியும். கடிதம் அதிலேயே தலைகீழாக மாறியது. ஊர் என்ன போடுகிறது என்பது முதல் பத்திக்கு வந்தது. பணம் கொடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி செய்ததை அக்காவின் உருக்கமான நடை செய்திருக்காது என்றே நினைக்கிறேன். கடைசியில் அச்சடித்தது இப்படித் தொடங்கியது:

"அன்புள்ள ............ அவர்களுக்கு, எங்கள் கிளைக் கிராமத்து ஜெபக்கூடத்தின் கூரையும் சுவரின் மேல்பகுதியும் சிதைந்துவிட்டன. செப்பனிட 1,66,000 ரூபாய் ஆகும். ஊர் மக்கள் தங்கள் வரிப்பணத்திலிருந்து 60,000 தருகிறார்கள். மீதி 1,06,000 ரூபாய்க்காக உங்களிடம் வருகிறோம்."

புள்ளியிட்ட இடத்தில் அவரவர் கையால் மாமா, அத்தை, டீச்சர் என்று எழுதினோம்.

அதன் கீழே செலவுப் பட்டியல். கூரைக்கு 62,000, சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி, ஹாலோ பிளாக்குக்கு 48,000, கொத்தனார், வெல்டர் கூலி 36,000, ஒயரிங், பெயிண்ட் 14,000, தண்ணீர் லாரிக்கு 6,000. தண்ணீருக்குக் காசா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கலவைக்கும், பூசிய சுவரை நாள்கணக்கில் நனைக்கவும் நல்ல தண்ணீர் விலைக்குத்தான் வாங்க வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் பழைய கம்பியின் கதைதான் திரும்ப நடக்கும். அந்த விளக்கத்தையும் இரண்டு வரியில் சேர்த்தோம்.

பட்டியலில் இல்லாதது எங்கள் வேன் வாடகையும் சாப்பாடும். அது வேண்டுமென்றே விட்டது. என் மாமா கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். கடிதத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே, "நீங்க போற செலவுக்கு அங்கேயே ரெண்டு சித்தாள் வைக்கலாமேடா?" என்பதுதான். நியாயமான கேள்வி. எங்களில் யாருக்கும் கரண்டி பிடிக்கத் தெரியாது. அதனால் போக்குவரத்தையும் சாப்பாட்டையும் ஆளுக்கு 1,500 போட்டு நாங்களே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்து, கடிதத்திலும் எழுதினோம். எங்கள் வேலை மணல் சுமப்பது, கலவை கொண்டுபோய்க் கொடுப்பது, பழைய காரையைக் கொத்துவது, சுவரை நனைப்பது, வெள்ளையடிப்பது. கட்டுவது கொத்தனார். இதைத் தெளிவாக எழுதியதும் மாமா வாயை மூடிக்கொண்டார். அப்புறம் கம்பிக்குக் குறைந்த விலையும் பேசிக் கொடுத்தார்.

வீட்டில் அனுமதி கிடைத்ததற்கு இன்னொரு வரி காரணம்: "பழைய கூரையைக் கழற்றும்போது நாங்கள் அங்கே இருக்க மாட்டோம்." ஆஸ்பெஸ்டாஸ் உடைந்தால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். அது தெரிந்த ஆட்களைக் கொண்டு நாங்கள் போவதற்கு முந்தைய வாரமே முடித்துவிட்டார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள், எங்களுக்கும் பரீட்சை முடிந்துவிடும். எனவே வேலைக்கு மே சரி. ஆனால் பணம் கேட்க அது காலமே இல்லை. தொழில் நின்ற பிறகு அந்தப் பக்கம் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் கடிதத்தைத் தவக்காலத்திலேயே கொடுத்துவிட்டோம். எப்படியும் அந்த நாட்களில் காணிக்கை எடுத்து வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது.

பணம் எங்கே போகும் என்பதில் சாமியார் கறாராக இருந்தார். எங்களில் யாருடைய ஜிபே எண்ணும் கடிதத்தில் வரக்கூடாது, பங்கின் வங்கிக் கணக்கு மட்டும்தான், ரொக்கத்துக்கு ரசீது உண்டு என்றார். ஒரு தணிக்கையாளர் அண்ணன் இரண்டு இடங்களில் பேனா வைத்தார். ஒன்று, "வருமான வரிச் சலுகை உண்டு" என்று யாரோ சேர்த்திருந்த வரி. ஒரு குறிப்பிட்ட மதத்தின் வழிபாட்டுக்கான நன்கொடைக்கு 80ஜி சலுகை பொதுவாகக் கிடையாது என்று அதை அடித்துவிட்டார். மற்றது வெளிநாடு. எங்கள் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. கடிதம் வாட்ஸ்அப்பில் போனால் அங்கிருந்தும் பணம் வரும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எப்சிஆர்ஏ-வின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. கனடாக் குடியுரிமை பெற்ற ஒரு பெரியப்பா இருபதாயிரம் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சொன்னோம்.

வந்ததில் பெரிய தொகைகள் குறைவு. ஐந்நூறும் ஆயிரமுமாகத்தான் சேர்ந்தது. கடிதத்தை வெறுமனே நீட்டியவர்களைவிட, உட்கார்ந்து பட்டியலை வாசித்துக் காட்டியவர்களுக்கு நிறையக் கிடைத்தது. சிலர் தொகை சொல்லாமல் பொருள் சொன்னார்கள். "ஜல்லி ஒரு லோடு என் பேர்ல போடு" என்றார் ஒரு டீச்சர்.

வேலை முடிந்ததும் அதே ஆட்களுக்கு இரண்டாவது கடிதம் போனது. முதல் கடிதத்தின் பட்டியல் ஒரு பக்கம், உண்மையில் ஆன செலவு மறு பக்கம். கூரைக்குச் சொன்னதைவிட 4,300 கூடியிருந்தது, சாதா போல்ட்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டதால். பெயிண்டில் அதைவிடக் கொஞ்சம் மிச்சமானது, ஏனென்றால் அடித்தது நாங்கள். பில் நகல்கள் பங்கு அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கீழே எழுதினோம். இதுவரை வந்து பார்த்தது என் மாமா மட்டும்தான்.