டிரெட்மில்லை நிறுத்தியதும் கண் இருட்டுகிறதா?

ஓடும்போது எனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. கடைசி நிமிடத்தை முழு வேகத்தில் ஓடிவிட்டு, டிரெட்மில்லை நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்க நிற்கும்போதுதான் ஆரம்பிக்கும். காது அடைக்கும், உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கும், கண் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். ஜிம்மில் எல்லோரும் "சுகர் இறங்கியிருக்கும், குளுக்கோஸ் குடிங்க" என்றார்கள். குடித்தும் பார்த்தேன், அப்புறமும் வந்தது.

டாக்டர் முதலில் கேட்டது, "ஓடிக்கிட்டு இருக்கும்போதே வருதா, நிறுத்தின பிறகு வருதா?" ஓடும்போதே தலை சுற்றினாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலியோ படபடப்போ சேர்ந்து வந்தாலோ இதயத்தைப் பரிசோதிக்காமல் உடற்பயிற்சி பக்கமே போகக்கூடாதாம். எனக்கு நிறுத்திய பிறகு மட்டும்தான். படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற பிறகு ஒரு தடவை பிரஷர் பார்த்தார் (மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் கவனிக்க வேண்டுமாம்), ஈசிஜியும் எடுத்தார். இரண்டும் சரியாக இருந்தன.

அவர் சொன்ன காரணம் இதுதான். ஓடும்போது கால் தசைகளுக்கு நிறைய ரத்தம் தேவை என்பதால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்துவிடும். அந்த ரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு, ஒவ்வோர் அடிக்கும் அது சுருங்கி ரத்தக் குழாய்களைப் பிழியும். சட்டென்று நின்றால் பிழிவது நின்றுபோகும், குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தேங்க, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, பிரஷர் இறங்கி, மூளைக்குப் போவதும் குறைகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் இது இன்னும் சுலபமாக நடக்கும். பயிற்சி முடிந்த கையோடு வெந்நீரில் குளித்தாலும் அப்படித்தான், சூட்டில் தோலிலுள்ள குழாய்களும் விரிந்துவிடும்.

இப்போது நான் நிறுத்துவதே இல்லை, வேகத்தைக் குறைக்கிறேன். 11 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 7, பிறகு 5, பிறகு 3 என்று மொத்தம் எட்டு, பத்து நிமிடம் நடந்துவிட்டுத்தான் இறங்குவது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன், அரை கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கு. காலையில் வெறும் காபியோடு போவதை விட்டு அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடுகிறேன். பசி நடுக்கம் இதனால் போனது, ஆனால் கண் இருட்டல் நின்றது மெதுவாக நடந்து முடித்ததால்தான்.

ஸ்குவாட், டெட்லிஃப்டில் வருவது கொஞ்சம் வேறு. மூச்சை அடக்கித் தூக்கும்போது ஏறிய பிரஷர், விட்டதும் மடமடவென்று இறங்கும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், பாரை வைத்ததும் அசையாமல் நிற்காமல் நாலு எட்டு நடக்க வேண்டும்.

அப்படியும் வந்துவிட்டால் சமாளித்து நிற்கப் பார்க்காதீர்கள், விழுந்து மண்டையில் அடிபடுவதுதான் பெரிய ஆபத்து. அங்கேயே படுத்துக் காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வையுங்கள், தெளிந்ததும் உட்கார்ந்து, அப்புறம் எழுந்திருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.