ஒரு தகுதிகாண் அறிக்கை: என் நாட்குறிப்பிலிருந்து

ஜூன் 2

கணக்குப் பிரிவில் ஜனவரி 1 அன்று சேர்ந்தவருக்கு இந்த மாதம் 30-ஆம் தேதியோடு புரொபேஷன் முடிகிறது. அறிக்கை எழுத வேண்டியவன் நான். கூட உட்கார்ந்து வேலை பார்க்கும் சீனியர் தன் கருத்தை இரண்டே வரியில் அனுப்பிவிட்டார்: "கவனம் போதாது. ஆர்வமும் குறைவு."

இதை அப்படியே அறிக்கையில் ஏற்ற முடியாது. ஆர்வத்தை யார் பார்த்தது? எந்த பில்லில், எந்தத் தேதியில், என்ன நடந்தது என்று கேட்டால் இந்த வரியிடம் பதில் இல்லை. மே கடைசியில் ஒரே பில்லை இரண்டு முறை என்ட்ரி போட்டு, பணமும் இரண்டு முறை போய்விட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஐந்து மாத வேலையும் அந்த ஒரு பில் வழியாகத்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

ஜூன் 3

சரிபார்ப்பில் திரும்பி வந்த பில்களின் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதல் இரண்டு மாதத்தில் அவர் போட்டது 180 பில். திரும்பியவை 22. பார்த்ததும் சீனியர் சொன்னது சரிதான் போல என்றுதான் தோன்றியது.

ஆனால் ஏன் திரும்பின என்ற பத்தியைப் படித்தால் கதை வேறு. 15 பில்களில் செலவுத் தலைப்பு தவறு. அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்புப் பட்டியலே பழையது; மார்ச் தொடக்கத்தில்தான் புதியது கைக்கு வந்திருக்கிறது. அதன் பிறகு இந்த வகைத் தவறு ஒன்றுகூட இல்லை. அந்த 15-ஐ அவர் தலையில் கட்ட முடியாது. மீதி 7 அவருடையவை: தொகை மாற்றி அடித்தது, தேதி விட்டது. மார்ச், ஏப்ரலில் 260-க்கு 6. மே மாதம் 140-க்கு 4, இரட்டைப் பணம் போனதும் இதில்தான்.

அறிக்கையில் இந்த எண்களையே வைத்தேன். பழைய பட்டியல் விஷயத்தையும் எழுதினேன். பிரிவுக்குச் சங்கடம்தான், இருக்கட்டும். இரட்டைப் பில்லையும் மறைக்கவில்லை. தேதியோடு ஒரு வரி, பணம் திரும்பி வந்துவிட்டது என்று ஒரு வரி. அதற்கு அவ்வளவுதான் இடம்.

ஜூன் 8

உண்மையான சிக்கல் பில்லில் இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட்டை நம் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் பேங்க் ரீகன்சிலியேஷனில் இருக்கிறது. ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று பணி விவரத்திலேயே இருக்கிறது. பிப்ரவரிக் கணக்கு மார்ச் 9 அன்று வந்தது, மார்ச் கணக்கு ஏப்ரல் 8. ஏப்ரல் 10 அன்று நடுக்கால ஆய்வில் இதைச் சொல்லி, மெயிலும் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் ஏப்ரல் கணக்கு மே 8. மே மாதக் கணக்கு இன்றுதான் வந்தது.

அந்த மெயில் மட்டும் இல்லையென்றால் இந்தக் குறையை இவ்வளவு அழுத்தி எழுத எனக்கு மனம் வந்திருக்காது. சொல்லாத குறையை அறிக்கையில் முதன்முதலாகக் காட்டுவது பதுங்கியிருந்து அடிப்பது மாதிரி.

ஜூன் 9

வரைவை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பில் எண்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. ரீகன்சிலியேஷனுக்கு வந்தபோது, "சார், பேங்க் ஸ்டேட்மென்ட்டே லேட்டா வந்தா நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. மெயில்களைத் திறந்து இருவரும் பார்த்தோம். மார்ச் கணக்குக்கான ஸ்டேட்மென்ட் ஏப்ரல் 4 மாலைதான் வந்திருக்கிறது. மற்ற மூன்று மாதமும் 1 அல்லது 2-ஆம் தேதியே வந்துவிட்டது.

அப்படியானால் அந்த மூன்று மாதம் ஏன்? மே கணக்கில் ஒரு செக் தொகை ஒத்துப்போகவில்லை. அதோடு மூன்று நாள் தனியாக மல்லுக்கட்டியிருக்கிறார். பதில் பக்கத்துப் பிரிவில் ஒரு வவுச்சரில் இருந்தது. "கேட்டா தெரியாதவன்னு நினைப்பாங்களேன்னு..." என்று இழுத்தார். ஆர்வம் குறைவு என்று சீனியருக்குப் பட்டது இந்த மௌனமாகத்தான் இருக்கும்.

மார்ச் கணக்கின் தாமதத்தை அவர் பெயரிலிருந்து எடுத்துவிட்டேன். அவருடைய விளக்கத்தை அவர் வார்த்தையிலேயே தனிப்பகுதியாகச் சேர்த்தேன்.

ஜூன் 11

மேலாளர், "பாவம், கன்ஃபர்ம் பண்ணிடலாமே" என்றார். நான்கில் மூன்று மாதம் தாமதம், அதில் இரண்டு எழுத்தில் சொன்ன பிறகு. பாவம் பார்த்து அதைத் தாண்ட முடியாது. அதே சமயம் வெளியே அனுப்பவும் பில் வேலை இடம் கொடுக்கவில்லை. பணி ஆணையில் ஒரு முறை நீட்டிக்க இடம் இருக்கிறது. ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தேன்.

"முன்னேற்றம் காட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஆகஸ்டில் இதே சண்டை திரும்ப வரும். அதனால் இப்படி எழுதினேன்: ஜூன், ஜூலைக் கணக்குகள் முறையே ஜூலை 5, ஆகஸ்ட் 5-க்குள் வர வேண்டும். ஒத்துப்போகாத தொகைகளின் பட்டியல் 3-ஆம் தேதி மாலை என்னிடம் வர வேண்டும். ஸ்டேட்மென்ட் 2-ஆம் தேதிக்கு மேல் வந்தால், தாமதமான நாள்களை இரண்டு கெடுவிலும் கூட்டிக்கொள்ளலாம். அவருக்குப் பக்கத்துப் பிரிவில் யாரைக் கேட்பது என்று ஒரு பெயரும் கொடுத்திருக்கிறேன். அறிக்கை எச்.ஆருக்குப் போய்விட்டது, நீட்டிப்புக் கடிதம் 30-ஆம் தேதிக்கு முன்பே அவர் கைக்குப் போக வேண்டும்.