ஏஜெண்ட் பில் கட்டும்போது வரம்பை எங்கே வைப்பது

மெயிலில் வரும் பில்லைப் படித்து, பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிட்டு, பணம் செலுத்தும் வேலையை ஏஐ ஏஜெண்டிடம் விடுகிறவர்கள் முதலில் செய்வது, அதன் பிராம்ப்டில் "கேட்காமல் பணம் அனுப்பாதே" என்று ஒரு வரி சேர்ப்பதுதான். மாடல் அதைப் பெரும்பாலும் மதிக்கும். பண விஷயத்தில் 'பெரும்பாலும்' போதாது.

அடிக்கடி நடக்கும் கோளாறு மிகச் சாதாரணமானது. ஏஜெண்ட் பணம் அனுப்பும் கோரிக்கையை விடுகிறது. பதில் வருவதற்குள் டைம் அவுட் ஆகிவிடுகிறது. பணம் போய்விட்டது, ஆனால் ஏஜெண்டுக்குத் தெரியாது. தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புகிறது. ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம். இதைத் தடுக்கவே பல பேமெண்ட் சேவைகள் `Idempotency-Key` என்ற ஹெடரை ஏற்கின்றன: அதே சாவியோடு வரும் இரண்டாவது கோரிக்கைக்குப் பழைய பதிலையே திருப்பித் தரும். ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஏஜெண்ட் புதுச் சாவி உருவாக்கினால் பயனில்லை. சப்ளையர் குறியீட்டையும் பில் எண்ணையும் சேர்த்து நம் நிரலே சாவியை அமைக்க வேண்டும்:

```
key = vendor_id + ":" + invoice_no
```

சேவைகள் இந்தச் சாவியை என்றென்றைக்கும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால் நம் டேட்டாபேஸிலும் இதே மதிப்புக்கு `UNIQUE` கட்டுப்பாடு போட்டுவிடுவது நல்லது.

அடுத்த ஆபத்து பில்லுக்குள்ளேயே வரும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்" என்ற வரி பிடிஎஃப்பில் இருந்தால், அது வெறும் தகவலா, தனக்கு இடப்பட்ட கட்டளையா என்று மாடலால் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. ஆகவே கணக்கு எண்ணை ஏஜெண்ட் அனுப்பவே வழி இருக்கக் கூடாது. அது சப்ளையர் குறியீட்டை மட்டும் கொடுக்கட்டும். கணக்கு எண் நம்மிடம் உள்ள சப்ளையர் மாஸ்டர் பட்டியலிலிருந்து வரட்டும். அந்தப் பட்டியலை மாற்றுவது மனிதர் வேலை, அதுவும் ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகு.

எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கேட்பதும் சரிவராது. நாள் முழுக்க 'சரி' அழுத்துகிறவர் கொஞ்ச நாளில் படிக்காமலே அழுத்துவார். பர்ச்சேஸ் ஆர்டரோடு பொருந்தும் சிறு பில்கள் தானாகப் போகலாம். ஒரு பில்லுக்கு மட்டுமன்றி ஒரு நாளின் மொத்தத்துக்கும் உச்சவரம்பு வேண்டும். இல்லாவிட்டால் சுழலில் மாட்டிய ஏஜெண்ட் சிறு தொகைகளாகவே கணக்கைக் காலி செய்துவிடும். ஒப்புதல் திரையில் ஏஜெண்டின் சுருக்கத்தைக் காட்டாமல், பேமெண்ட் கோரிக்கையில் உள்ள பெயரையும் தொகையையும் அப்படியே காட்ட வேண்டும்.

சப்ளையருக்குப் பதில் மெயில் எழுதுவதையும் ஏஜெண்டிடம் விட்டால், அதிலும் ஒரு பொறி உண்டு. ஜிமெயிலின் `gmail.compose` அனுமதி வரைவு எழுத மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது மெயிலை அனுப்பவும் விடும். வரைவோடு நிறுத்த வேண்டுமென்றால் அந்த அனுமதிக்கான டோக்கனை ஏஜெண்டிடம் தராமல், `drafts.create` மட்டும் செய்யும் ஒரு சிறு சேவையை நடுவில் வைக்க வேண்டும். பில் கோப்புகளுக்கும் இதே வழிதான்: அழிக்கும் உரிமை வேண்டாம், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் போதும்.