வாய் ஒரு கரண்டி முன்னால்

அடுப்பும் வாணலியும் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக ஆறு ஆண்டுகள் பொருட்காட்சிகளில் சமைத்துக் காட்டியிருக்கிறேன். மதுரை தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும் நாட்களில், மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும். முன்வரிசையில் உட்காருகிற பெண்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகச் சமைப்பவர்கள். அவர்கள் முன்னால் நான் அதிகம் செய்தது மைசூர்பாகு. கூட்டத்தை நிறுத்தி வைக்க அதைவிட நல்ல பண்டம் இல்லை. பேசிக்கொண்டே செய்வதற்கு அதைவிடக் கொடுமையான பண்டமும் இல்லை.

கணக்கு எளிது. ஒரு டம்ளர் சலித்த கடலை மாவு, இரண்டு டம்ளர் சர்க்கரை, இரண்டு டம்ளர் நெய், பாகுக்கு அரை டம்ளர் தண்ணீர். ஆனால் பாகில் மாவு விழுந்த பிறகு கை நிற்கக் கூடாது. ஒரு கை கிளறும், மறு கை பக்கத்து அடுப்பில் காய்கிற நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றும். கண் வாணலியை விட்டு நகர முடியாது. மீதமிருப்பது வாய் மட்டும்தான்.

முதல் ஆண்டு நான் செய்த தவறு, கை செய்வதை வாய் திரும்பச் சொன்னது. "இப்போது நெய் ஊற்றுகிறேன்" என்பேன். அதைத்தான் அவர்களே பார்க்கிறார்களே! நான் வாயைத் திறந்து முடிப்பதற்குள் நுரை பொங்கி அடங்கியிருக்கும்; எதைக் கவனிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு நாள் மூன்றாவது கரண்டி ஊற்றும்போது ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, நெய்யில் பாதிக்கு எண்ணெய் சேர்க்கலாமா?" மரியாதைக்காக நிமிர்ந்து பதில் சொன்னேன். சேர்க்கலாம், மணம் குறையும், இரண்டையும் ஒன்றாகக் கலந்து காய்ச்ச வேண்டும் என்று விவரமாகவே சொன்னேன். குனிந்தபோது கலவை அடியில் பிடித்து, ஓரத்தில் சர்க்கரை பூத்து வெளுத்திருந்தது. தட்டில் கொட்டியது மைசூர்பாகு அல்ல, இனிப்பு மணல். "பதம் தாண்டினால் இப்படித்தான் ஆகும், பாருங்கள்" என்று சமாளித்தேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு பேச்சை ஒரு கரண்டி முன்னால் நகர்த்தினேன். பாகு கொதிக்கும்போதே, கை ஓய்வாக இருக்கும்போதே, வரப்போவதைச் சொல்லிவிடுவேன்: "நெய் விழுந்ததும் சுரீர் என்று சத்தம் வரும். நெய் ஆறியிருந்தால் அந்தச் சத்தம் வராது. கொதிக்கும் நெய் பட்டதும் பாகிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் கிளம்பும். அந்த ஆவி குடைந்த ஓட்டைதான் நீங்கள் கடையில் வாங்கும் துண்டில் இருப்பது." கேள்விகளையும் அப்போதே வாங்கிக்கொள்வேன். பிறகு, "இனி நான் நிமிர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்பேன்.

கம்பிப் பதம் வேறொரு தொல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுபடும் ஒற்றைக் கம்பி மூன்றாம் வரிசைக்குத் தெரியாது. ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறியதும் முன்வரிசை அக்கா யாரிடமாவது நீட்டுவேன். "வந்துவிட்டது" என்று அவர் சொன்னால் கூட்டம் நம்பும். நான் சொன்னால் விற்பனைப் பேச்சு.

நிமிடக் கணக்கு சொல்வதையும் விட்டேன். என் அடுப்பின் வேகம் அவர்கள் வீட்டு அடுப்பில் இருக்காது. பச்சை மாவு வாடை போவது, கலவை ஓரம் விட்டுச் சுருண்டு வருவது, குடித்த நெய்யைத் திரும்பக் கக்கத் தொடங்குவது என்று அடையாளங்களை மட்டும் சொன்னேன். நெய் கக்க ஆரம்பித்தால் உடனே கொட்ட வேண்டும். அந்தக் கடைசி நேரத்தில் நான் பேசுவதே இல்லை. மைக்கை வாணலிப் பக்கம் சாய்த்துவிடுவேன். பொரிகிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். நிறுவனத்து மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் வாணலியின் அடி எவ்வளவு கனம் என்று சொல்லலாமே என்றார். இரண்டு நாள் சொல்லியும் பார்த்தேன். இரண்டு நாளும் கொட்டுவதற்குக் கொஞ்சம் பிந்திப்போய், துண்டுகள் பல்லுக்கு வேலை வைத்தன.

தட்டில் கொட்டியதை அழுத்தவோ தட்டிச் சமன் செய்யவோ கூடாது, ஓட்டைகள் அடைந்துவிடும். நடுவில் சூடு தங்குவதால் உள்ளே சிவந்தும் மேலே வெளிறியும் அதுவாகவே இறுகும். கைச்சூடு பொறுக்கும் நேரத்தில் கத்தி போட வேண்டும். முழுக்க ஆறினால் உதிரும். அந்தச் சில நிமிடங்கள் என் இரண்டு கையும் சும்மா இருக்கும். "இப்போது கேளுங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பேன். ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லோர் கண்ணும் தட்டின் மேல் இருக்கும்.