அப்பாவின் பழைய ஸ்டேட்மென்ட் படத்திலிருந்து வாங்கிய தேதி, யூனிட், விலை எடுத்த கதை

அப்பா இறந்த பிறகு அவருடைய மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்கள் நாமினியான அம்மா பெயருக்கு 2024 நவம்பரில் மாறின. 2025 பிப்ரவரியில் அம்மா எல்லாவற்றையும் விற்றார். வருமான வரிக் கணக்கு போடும் நேரத்தில் மூலதன ஆதாய அறிக்கையை இறக்கிப் பார்த்தால், வாங்கிய தேதி என்ற இடத்தில் பெயர் மாறிய நாள் இருந்தது. வாங்கிய விலை என்ற இடத்தில் அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலை. அந்தக் கணக்குப்படி அம்மாவுக்குக் குறுகிய கால நஷ்டம்!

அது தவறு. வாரிசாக வந்த யூனிட்டுக்கு அப்பா கொடுத்த விலைதான் அடக்க விலை. வைத்திருந்த காலத்தையும் அப்பா வாங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும். ஈக்விட்டி ஃபண்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்ட கால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் விற்றவற்றுக்கு, ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் ஆதாயம் போக மீதிக்கு 12.5 சதவீத வரி. அதே ஆண்டில் அம்மா இன்னொரு ஃபண்டையும் லாபத்தில் விற்றிருந்தார். இரண்டையும் சேர்த்தால் அந்த வரம்பைத் தாண்டும். அதனால் இல்லாத நஷ்டத்தைக் காட்டிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் எல்லா ஃபண்டையும் ஒன்றாகக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையின் பிடிஎஃப் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் எழுத்து அப்படியே வந்துவிடும், இந்தப் பாடே வேண்டாம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவின் பழைய மின்னஞ்சலுக்குள் நுழைய வழியில்லை, கைபேசி எண்ணையும் ரத்து செய்தாயிற்று. பழைய ஃபோலியோ விவரம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மிச்சம் இருந்தது ஏற்காட்டு வீட்டில் அப்பா ஃபைல் போட்டு வைத்திருந்த அச்சு ஸ்டேட்மென்ட் மட்டும்தான். ஏற்காட்டு ஈரத்தில் தாள் பழுத்து, ஒரு மடிப்பில் பூச்சி அரித்திருந்தது.

தங்கை அதைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். திரையில் தெளிவாகத் தெரிந்தாலும் 3, 8, 6 எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். அதே படத்தை "டாகுமென்ட்" ஆக அனுப்பச் சொன்னதும் நிறைய தேறியது. அப்புறம் தாளையே சேலத்துக்குக் கொண்டு வந்து, ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐ-யில் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் எடுத்தோம். தாள் கையில் இருந்தால் நேராக ஸ்கேனுக்குப் போவதே நல்லது.

எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். கைபேசியில் வரும் எழுத்தெடுக்கும் வசதி பல நேரம் ஒரு பத்தியை முழுதாகப் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். தேதிகள் எல்லாம் ஒரு பக்கம், யூனிட்கள் ஒரு பக்கம் என்று விழும். கீழே உள்ள `--psm 6` அமைப்பு பக்கத்தை ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கும்.

```
tesseract page1.png page1 --psm 6
```

வந்த எழுத்தை விரிதாளில் ஒட்டும்போது தேதிப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிடுங்கள். அப்பாவின் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஃபண்ட் வாங்கும் தவணை, 10-ஆம் தேதி. 10/06/2020 என்பதை அமெரிக்க முறையில் அமைந்த விரிதாள் அக்டோபர் 6 என்று சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளும். பிழை என்று எதுவும் காட்டாது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தேதி இருக்கிறதா என்று பார்த்தால் இது பிடிபடும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. எடுத்த எண்கள் சரியா என்று கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாது. சில வரிகளுக்குப் பிறகு கண் அலுத்துவிடும். ஆனால் ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு வரியும் தன்னைத் தானே இரண்டு விதமாகச் சரிபார்க்க இடம் தருகிறது. தொகை, விலை, யூனிட், இருப்பு என்று நான்கு எண்கள் இருக்கின்றன. விலையை யூனிட்டால் பெருக்கினால் தொகை வர வேண்டும். முந்தைய இருப்போடு யூனிட்டைக் கூட்டினால் புதிய இருப்பு வர வேண்டும். C தொகை, D விலை, E யூனிட், F இருப்பு என்று வைத்துக்கொண்டு இரண்டு பத்திகள் சேர்த்தேன்:

```
G3: =ROUND(E3-(F3-F2),3)
H3: =ROUND(C3-D3*E3,2)
```

G சரியாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும். H-இல் இரண்டு மூன்று பைசா வரை வரலாம், ஏனென்றால் யூனிட்டை மூன்று தசம இடத்தோடு முழுமையாக்கிவிடுகிறார்கள்.

இதில் அருமை என்னவென்றால், எந்தப் பத்தி இடிக்கிறது என்பதே எந்த எண் தவறு என்று சொல்லிவிடும். 2020 ஆகஸ்ட் 10 வரியை எடுத்துக்கொள்வோம். தொகை 4999.75, விலை 46.3185, யூனிட் 107.943, இருப்பு 1547.444. மென்பொருள் யூனிட்டை 101.943 என்று படித்திருந்தது. G-யும் இடித்தது, H-உம் இடித்தது. இரண்டுக்கும் பொது யூனிட்தான். முந்தைய இருப்பு 1439.501, 1547.444-இலிருந்து கழித்தால் 107.943. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 7-இன் மேல் கோடு மங்கியிருந்தது. இன்னொரு முறை படித்தபோது விலை 46.8185 என்று வந்தது. அப்போது G பூஜ்யம், H மட்டும் 54 ரூபாய் இடித்தது. ஆக, தவறு விலையில். இருப்பு தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் G இடிக்கும், H அமைதியாக இருக்கும்.

பிடிபடாத பிழை ஒன்று உண்டு. விலையின் நான்காவது தசம இலக்கம் ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ மாறினால் H-இல் ஓரிரு பைசாதான் வித்தியாசம் வரும், கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஆதாயக் கணக்கிலும் அதன் பாதிப்பு அதே ஓரிரு பைசாதான்.

2020 ஜூலையிலிருந்து தொகை 5000-க்குப் பதில் 4999.75 ஆக இருப்பதைப் பார்த்து மென்பொருள் குழப்பியதோ என்று நினைத்துவிட வேண்டாம். 2020 ஜூலை 1 முதல் ஃபண்ட் வாங்குவதற்கு 0.005 சதவீத முத்திரைத் தீர்வை வந்தது, அந்த 25 பைசாதான் இது. எங்கள் ஸ்டேட்மென்ட்டில் இதைத் தனி வரியாகவும் அச்சிட்டிருந்தார்கள். அந்த வரியில் யூனிட்டும் இருப்பும் இருக்காது. அதை நீக்காவிட்டால் G பத்தி முழுக்கக் குழம்பும்.

பூச்சி அரித்த இடம் 2020 ஏப்ரல் வரி. தேதி, விலை, யூனிட் மூன்றும் போய்விட்டன. தொகை 5000 மட்டும் தெரிந்தது. மேல் வரியின் இருப்பு 952.507, அந்த வரியின் இருப்பு 1080.911. அப்படியானால் யூனிட் 128.404. 5000-ஐ அதால் வகுத்தால் விலை 38.9396. தேதி 10 என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் 2020 ஏப்ரல் 10 புனித வெள்ளி, சந்தை விடுமுறை. அடுத்து சந்தை திறந்தது 13-ஆம் தேதி திங்கட்கிழமை. மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் பழைய என்ஏவி பார்க்கும் பகுதியில் 13-ஆம் தேதிக்கு அதே 38.9396 இருந்தது. தேதியும் விலையும் ஒன்றையொன்று உறுதி செய்துவிட்டன. அங்கே தேடும்போது ரெகுலரா டைரக்டா, குரோத்தா டிவிடெண்டா என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே ஃபண்டின் ஒவ்வொரு வகைக்கும் விலை வேறு. அப்பா ஏஜென்ட் மூலம் வாங்கியதால் எங்களுடையது ரெகுலர் குரோத்.

அப்பா 2021 நவம்பரில் 500 யூனிட் விற்றிருந்தார். விற்பனையை அடைப்புக்குறிக்குள் அச்சிடுவார்கள். மென்பொருள் அந்த அடைப்புக்குறியை 1 என்று படித்து 1500.000 ஆக்கியிருந்தது. G பத்திதான் காட்டிக்கொடுத்தது.

முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ள வேண்டும். 2019 ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நான்கு தவணைகள் சேர்ந்து 432.134 யூனிட். அவை முழுதும் தீர்ந்து, நவம்பர் 11-இல் வாங்கிய 103.288-இலிருந்து 67.866 போனது. அந்தத் தவணையில் மிச்சம் 35.422 யூனிட். அதற்குப் பின் 2021 மார்ச் வரையிலான தவணைகள் அப்படியே இருக்கின்றன. மிச்சத்தையெல்லாம் கூட்டினால் 1694.806. அம்மா பெயருக்கு மாறிய யூனிட்டும் அதேதான். இந்த ஒரு எண் ஒத்துப்போனதும் எந்தப் பக்கமும் வரியும் விடுபடவில்லை என்று உறுதியானது. ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கலாம், அல்லது பணம் வராமல் ரத்தான தவணை வாங்கியதாகவே நின்றிருக்கலாம்.

அம்மா விற்ற விலை யூனிட்டுக்கு 88.2150. நவம்பர் தவணையின் மிச்சம் 35.422 யூனிட்டுக்கு 48.4085 வீதம் அடக்கம் 1714.73 ரூபாய், விற்றது 3124.75, ஆதாயம் 1410.02. இப்படியே ஒவ்வொரு தவணைக்கும் போட்டு, மொத்தம் 1,49,507.31-க்கு விற்று, அடக்கம் 81,712.48 போக ஆதாயம் 67,794.83 வந்தது. வங்கியில் ஏறிய தொகை இதைவிட ஒன்றரை ரூபாய் குறைவு. அது பங்குப் பரிவர்த்தனை வரி. மூலதன ஆதாயத்தில் கழிக்க அனுமதி இல்லை என்பதால் விற்பனைத் தொகையை முழுதாகவே வைத்தோம்.

எங்கள் ஆடிட்டர் விரிதாளைப் பார்த்துவிட்டு, "தேதி எல்லாம் 2018 ஜனவரிக்கு அப்புறம்தானேம்மா?" என்று அம்மாவிடம் ஒன்றைத்தான் கேட்டார். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய யூனிட் இருந்தால் அந்நாளைய என்ஏவியையும் ஒப்பிட்டு அடக்க விலை போட வேண்டும், படிவத்திலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். எங்களுக்கு அது இல்லை. படிவத்தின் 112ஏ அட்டவணையில் ஒரே வரியாகப் போட்டு, ஸ்கேன் படத்தையும் விரிதாளையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலோடு ஆடிட்டர் தன் அலுவலக ஃபைலில் வைத்துக்கொண்டார்.