மாதச் சம்பளம் இல்லாத வேலையின் கணக்கு

இறுதியாண்டு மாணவர்களிடம் ஃப்ரீலான்ஸ் வேலை பற்றிப் பேசும்படி ஒரு கல்லூரியில் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்திலுள்ள பயனர் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் தொழில். அரங்கில் இருந்தவர்களுள் பெரும்பாலானோர், மேலதிகாரி கிடையாது, நினைத்த நேரத்தில் வேலை செய்யலாம், சொற்களை எண்ணிப் பணம் தருவார்கள் என்ற அளவில் இதை அறிந்திருந்தார்கள். ஆகவே அறிவுரை எதுவும் சொல்லாமல், ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது வந்து சேர்வதிலிருந்து பணம் கைக்கு வரும் வரையிலான கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் ஜூன் மாத நடுவில் 12,000 சொற்கள் கொண்ட கையேடு ஒன்றை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்கு 1.50 ரூபாய். உடனே 18,000 ரூபாய் என்று ஒரு மாணவர் சொன்னார். ஆனால் மொழிபெயர்ப்பு மென்பொருள் அந்தக் கோப்பைப் பழைய மொழிபெயர்ப்புகளின் சேமிப்போடு ஒப்பிட்டு, புதிய வாக்கியங்கள் எவை, ஏற்கெனவே வந்தவை எவை என்று பிரித்துவிடும். புதிய சொற்கள் 6,000 என்றால் அவற்றுக்கு முழு விலை. ஓரளவு ஒத்துப்போகும் 3,000 சொற்களுக்கு 60 சதவீதம். அப்படியே திரும்ப வரும் 3,000 சொற்களுக்கு 30 சதவீதம். இந்த விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இந்தக் கணக்கில் 12,000 சொற்கள் 8,700 சொற்களாகச் சுருங்கி, பில் தொகை 13,050 ரூபாயில் வந்து நிற்கிறது. கோப்பைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பகுப்பாய்வு அறிக்கையையும், வேலையையும் தொகையையும் உறுதிசெய்யும் பர்ச்சேஸ் ஆர்டரையும் கேட்டு வாங்காதவர், வேலை முடிந்த பிறகு சண்டை போட வேண்டியிருக்கும். சண்டை போட்டாலும் கையில் ஆதாரம் இருக்காது.

வேலையை ஜூன் 20 அன்று ஒப்படைத்தாலும், பில்லை மாதக் கடைசியில்தான் ஏற்பார்கள். அதிலிருந்து 45 நாளில் பணம் என்றால் ஆகஸ்ட் 14. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஓராண்டில் வரும் தொகை வரம்பைத் தாண்டும்போது, தொழில்முறைக் கட்டணம் என்ற வகையில் 10 சதவீதத்தை, பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ்ஸாகப் பிடித்துக்கொண்டு 11,745 ரூபாயை அனுப்புவார்கள். பிடித்த 1,305 ரூபாய் தொலைந்துபோவதில்லை. வருமான வரிக் கணக்கில் அது வரவாகும். ஆனால் அது நம் பான் எண்ணில் கட்டப்பட்டிருக்கிறதா என்று வரித்துறையின் இணையதளத்தில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூலை மாத வாடகைக்கு ஜூன் மாத வேலை உதவாது என்பதை நான் சொன்னபோதுதான் பின்வரிசையில் பேச்சு நின்றது.

அடுத்து நாட்கணக்கு. மொழிபெயர்க்கவும், திரும்பப் படித்துத் திருத்தவும், வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் எழுதவும் சேர்த்து இந்த வேலை ஆறு நாள் எடுக்கும். நாளுக்கு 2,175 ரூபாய். இதை 25 ஆல் பெருக்கி மாத வருமானம் என்று நினைப்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். புதிய வாடிக்கையாளர் திறமையைச் சோதிக்கக் கேட்கும் மாதிரி மொழிபெயர்ப்பை எழுதுவது, விலை பேசுவது, பில் போடுவது, வராத பணத்துக்கு நினைவூட்டுவது எல்லாம் கூலி இல்லாத வேலைகள். வேலையே வராத வாரங்களும் உண்டு. மாதத்தில் 13 நாளுக்குக் கூலி கிடைத்தால் 28,275 ரூபாய். அதிலிருந்துதான் கணினி, இணையம், மருத்துவக் காப்பீடு அனைத்தும். வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி போடும் பங்கும் இங்கே இல்லை. நிலையான சம்பளத்தோடு ஒப்பிட வேண்டிய தொகை இந்தக் கடைசி மிச்சமே தவிர, சொல் விலை அல்ல.

மேலதிகாரி இல்லை என்பதும் பாதி உண்மைதான். காலை 10 மணிக்குக் கோப்பு வேண்டும் என்று சொல்பவர்கள் ஒருவருக்குப் பதில் நான்கு பேராக இருப்பார்கள்; ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. பணம் தாமதமாவதற்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு தருவது, சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவு. இணையத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். பதிந்தவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தொகையை இழுக்கக் கூடாது என்று 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. இந்திய நிறுவனங்களிடம் மட்டுமே இது செல்லும் என்பதையும், முறையீடு செய்தவரை அந்த நிறுவனம் மீண்டும் அழைக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

வேலையில் சேர்ந்துகொண்டே இதைச் செய்யலாமா என்று ஒரு மாணவி கேட்டார். பணி ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள், தடை இல்லையென்றால் அதுவே நல்ல வழி என்றேன். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருந்து, ஒருவர் வேலை தருவதை நிறுத்தினாலும் இன்னொருவர் தரும் நிலையில் குறைந்தது மூன்று வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றும், வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கை வங்கி கேட்கும், ஆகவே முதல் ஆண்டிலிருந்தே அதைத் தாக்கல் செய்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.